கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூன்று விநாடி

(ஸ்ரீபெரும்புதூரில் இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் மாலைப் பாடசாலை நடத்தும் நண்பர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்துச் சம்பவம் ஒன்றைத் தனஞ்செய் கீர் தன்னுடைய வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஒரு கணக்கைப் போடச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார். உடனே வகுப்பில் ஒரே கூச்சல். சாதி இந்துப் பையன்கள் தங்களுடைய சாப்பாட்டு டப்பாக்களைக் கரும்பலகைக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள். இவர் பலகைகிட்டே போனால் சாப்பாடு தீட்டாகிவிடும். அவர்கள் ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்திய பிறகுதான் அவர் கணக்குப் போட முடிந்தது.

தீண்டாமைக்கு உதாரணமாக இதை நாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். நான் கணக்கு வாத்தியார் என்பதால் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டார். மாணவன் பதில் சொல்லப் போகிறான். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நேரம் இருக்கிறது. யோசிப்பதற்கான நேரம். அந்த நேரம் அவருக்குச் சொந்தமாக இல்லை. ஒரு வகுப்பே அதற்குள் புகுந்து அதை எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு டப்பா பலகைக்குப் பின்னால் இல்லை. ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கிற அந்த நேரம் யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. ஒரகடம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். காலனிப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைகள், கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். அந்த வகுப்பை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் நம்ம ஊர் வகுப்பறைகளில் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்க எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கீங்க. "பூமி எதைச் சுத்தி வருது? சூரி...?" என்று வாத்தியார் இழுப்பார். "...யனை!" என்று ஐம்பது குரல் சேர்ந்து முடிக்கும். பாதிச் சொல்லை அவர் சொல்லிவிட்டார், மீதிப் பாதியைப் பிள்ளைகள் சொன்னார்கள். அதில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது, "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. மூன்றாவது வகை ஒருவரைப் பார்த்துக் கேட்பது. "டேய் கடைசி பெஞ்சு, நீ சொல்லு." அவன் எழுந்து நிற்பான். அரை மூச்சு விடுவதற்குள் "தெரியலையா? நில்லு. அடுத்தவன் சொல்லு." அப்படியே நிற்பவர்களின் வரிசை நீளும். முன் பெஞ்சில் ஒருவன் "சார், சார்" என்று கை தூக்கியபடி இருப்பான். அவனிடம் பதிலை வாங்கிக்கொண்டு பாடம் நகரும்.

இங்கே கேள்வி அறிவைத் தேடவில்லை. வகுப்பை அடக்குகிறது. யாருக்குத் தெரியும் என்று ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டதை எல்லார் முன்னாலும் இன்னொரு முறை உறுதிப்படுத்துகிறது. நாற்பது நிமிஷப் பாடவேளையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. பத்து வருஷம் நடந்தால் நின்ற பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும். அந்த முடிவுக்கு நாம் வைக்கிற பெயர் "மந்தம்".

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்று ஒரு அறிவியல் கல்வி ஆய்வாளர் இருந்தார். தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று அளந்தார். 1974இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வரவில்லை என்றால் கேள்வியைத் திரும்பச் சொன்னார்கள், மாற்றிக் கேட்டார்கள், அல்லது வேறு பிள்ளையிடம் போனார்கள். பிள்ளை பேசி முடித்த பிறகும் ஒரு விநாடிக்குள் ஆசிரியரின் குரல் வந்துவிட்டது. இந்த இரண்டு இடைவெளிகளையும் மூன்று விநாடி அளவுக்கு நீட்டச் செய்து பார்த்தார். பதில்கள் நீளமாயின. பதிலே வராமல் போவது குறைந்தது. பிள்ளைகள் காரணம் சொல்லத் தொடங்கினார்கள், தாங்களாகவே கேள்வி கேட்டார்கள். மெதுவானவர்கள் என்று ஆசிரியர் நினைத்திருந்த பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் வைத்திருந்த எதிர்பார்ப்பும் மாறியது.

இந்த ஆய்வில் நமக்கு ரொம்ப முக்கியமான இடம் இன்னொன்று. வகுப்பிலேயே கெட்டிக்காரர்கள் ஐந்து பேர் யார், பின்தங்கியவர்கள் ஐந்து பேர் யார் என்று ஆசிரியர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு அவர்களுக்குக் கிடைத்த நேரத்தை அளந்தார். கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு விநாடி கிடைத்தது. பின்தங்கியவர்களுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. யாருக்கு யோசிக்க அதிக நேரம் வேண்டுமோ அவர்களுக்குப் பாதி நேரம். ஆசிரியர்கள் யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. "இவன் சொல்லிடுவான்" என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில் வாய் தானாகக் காத்திருக்கிறது. "இது எங்க சொல்லப் போவுது" என்ற எண்ணம் இருக்கிற இடத்தில் வாய் தானாக அடுத்த பெயருக்குப் போகிறது.

அந்த ஆய்வு சாதியைப் பற்றியது அல்ல. ஆனால் நம்ம ஊரில் "இது எங்க சொல்லப் போவுது" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருது, அப்பன் என்ன வேலை செய்யுறான், வாயைத் திறந்தா என்ன பாஷை வருது என்பதிலிருந்து வருகிறது. ஆகவே அந்த ஒரு விநாடியில் சாதி இருக்கிறது. யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, சட்டத்தில் வழக்குப் போட ஒன்றும் நடக்கவில்லை. இருந்தும் வகுப்பறையில் சாதி தன்னை மறுஉற்பத்தி செய்துகொள்கிறது.

"நிலம் போச்சு, தண்ணி போச்சு, காண்ட்ராக்ட் வேலை, ஆணவக்கொலை என்று எவ்வளவோ இருக்க, நீங்க வந்து விநாடியைப் பத்திப் பேசுறீங்களே தோழர்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா இந்த ஊரில் விநாடியை அற்பமா நினைக்கிறவங்க யாரு? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. அசெம்பிளி லைனில் வேலை பார்த்த தோழர்கள் இங்கே இருக்கீங்க. ஒரு ஸ்டேஷனில் ஒரு வேலைக்கு இத்தனை விநாடி என்று எண்ணி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நம்ம மக்களோட விநாடியை முதலாளி எண்ணுறான், ஏன்னா அதுல அவனுக்கு லாபம் இருக்கு. அந்த மக்களோட பிள்ளைக்குக் கிடைக்கிற விநாடியை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. அதை எண்ண வேண்டியவர்கள் நாம்தான்.

சரி, அந்த மூன்று விநாடிக்குள் பிள்ளை என்ன செய்கிறது? நான் என் வகுப்பில் கவனித்த வரைக்கும் சொல்கிறேன். முதல் வேலை மொழிபெயர்ப்பு. புத்தகம் "விழுக்காடு" என்றோ "சதவீதம்" என்றோ சொல்கிறது. பிள்ளையின் வீட்டில் அது "பர்சென்ட்டு" அல்லது "நூத்துக்குப் பத்து". முதலில் என் தமிழைத் தன் தமிழுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு கணக்கை யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு கிடைத்த விடையைத் திரும்பவும் வகுப்பறைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சேரித் தமிழில் சொன்னால் முன் பெஞ்சு சிரிக்கும் என்பது அதற்குத் தெரியும். ஒடியா பேசுகிற பிள்ளைக்கு இந்தப் பயணம் இன்னும் தூரம். வீட்டிலேயே புத்தகத் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு நடுவில் இருக்கிற வேலை மட்டும்தான், மற்றவர்களுக்கு மூன்று வேலை. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு விநாடி கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது.

ஒரு பாடத்தை அப்படியே சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்துகிறேன். கரும்பலகையில் எழுதியது இது: "ஒரு தொழிலாளியின் தினக்கூலி 400 ரூபாய். முதல் மாசம் 10 சதவீதம் கூட்டினார்கள். அடுத்த மாசம் 10 சதவீதம் குறைத்தார்கள். இப்போது கூலி எவ்வளவு?"

இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. "400இல் 10 சதவீதம் எவ்வளவு?" என்று கேட்டால் அதற்குக் காத்திருந்து பயனில்லை. தெரிந்தவனுக்கு உடனே வரும், தெரியாதவனுக்கு மூன்று விநாடியில் வானத்திலிருந்து இறங்காது. காத்திருப்பு பலன் தருவது யோசிக்க இடம் இருக்கிற கேள்வியில் மட்டும்தான். இந்தக் கூலிக் கணக்கில் உடனே வருகிற பதில் ஒன்று இருக்கிறது, அது தப்பு. கொஞ்சம் நின்றால் வேறு பதில் வரும். அதோடு இது நம்ம பிள்ளைகளுக்கு வீட்டில் தெரிந்த விஷயம்.

கேள்வியை எழுதினேன், ஒருமுறை வாசித்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. "யாரும் கை தூக்க வேணாம், நான் கூப்பிடுவேன்" என்பது என் வகுப்பில் நிரந்தர விதி. கை தூக்குதல் இருக்கும்வரை காத்திருப்பு நடக்காது. முன் பெஞ்சுக்காரன் கையைத் தூக்கி ஆட்டும்போது மற்றவர்களுக்கு "அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு, இனி நமக்கென்ன" என்று யோசனை அறுந்துபோகிறது. மனசுக்குள் "நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு, நூத்தி மூணு" என்று எண்ணினேன். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஒவ்வொரு சொல்லும் ஏறக்குறைய ஒரு விநாடி. கணக்கு கொஞ்சம் பெரிசு என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு நோட்டில் எழுதச் சொல்லி, அதற்குப் பிறகுதான் ஒருவனைக் கூப்பிட்டேன்.

அவன் சொன்னான், "அதே 400 சார்." நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. முகத்தையும் மாற்றவில்லை. மறுபடியும் மூன்று விநாடி. இந்த இரண்டாவது இடைவெளிதான் பழகுவதற்குக் கஷ்டமானது. பதில் வந்த உடனே "வெரிகுட்" என்றோ "உக்காரு" என்றோ வாத்தியார் வாயிலிருந்து வந்துவிடும். அது வந்த நொடியில் கதவு மூடுகிறது. அது வராவிட்டால் வகுப்பு அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சொன்னவனே தன் பதிலைத் திரும்பிப் பார்க்கிறான்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் சொன்னாள், "சார், ரெண்டாவது பத்து வேற பத்து சார்." சிலர் சிரித்தார்கள். நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவளே தொடர்ந்தாள். "ஏத்தும்போது நானூறுல ஏத்துனாங்க. எறக்கும்போது நானூத்தி நாப்பதுல எறக்குனாங்க." இதற்குள் பின்னால் ஒரு பையன் கணக்கை முடித்திருந்தான். "நாப்பது ஏறிச்சு, நாப்பத்தி நாலு எறங்கிச்சு. முன்னூத்தி தொண்ணூத்தி ஆறு சார். நாலு ரூபா போச்சு."

சதவீதம் என்றால் எதன்மேல் சதவீதம் என்று கேட்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். "வேற பத்து" என்று அந்தப் பெண் சொன்னது அதைத்தான். புத்தகத்தில் இவ்வளவு சுருக்கமாக இல்லை. அவள் முதல் வாக்கியத்தை முடித்த உடனே "என்னம்மா சொல்ற, சரியாச் சொல்லு" என்று நான் குறுக்கே விழுந்திருந்தால் இரண்டாவது வாக்கியம் வந்திருக்காது.

பிறகு நான் கேட்காத ஒரு கேள்வி பிள்ளைகள் பக்கத்திலிருந்து வந்தது. "சார், மொதல்ல எறக்கிட்டு அப்புறம் ஏத்துனா?" நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார்க்கச் சொன்னேன். 400இல் 10 சதவீதம் குறைத்தால் 360, அதன்மேல் 10 சதவீதம் கூட்டினால் 36 சேர்ந்து மறுபடியும் 396. எப்படிப் போனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பதுதான் நிற்கிறது. "எந்தப் பக்கமா வந்தாலும் நமக்குத்தான் சார் நட்டம்" என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை அவனோடு சேர்ந்து சிரித்தது.

இதில் வரிசை முக்கியம் தோழர்களே. கேள்வி, மௌனம், அப்புறம் பெயர். இதை மாற்றிப் பெயரை முதலில் சொன்னால் இரண்டு கெடுதல் நடக்கிறது. பெயர் சொல்லப்படாத எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கணமே யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை எழுந்து நிற்க, வகுப்பு முழுவதும் அதன் முகத்தைப் பார்க்கிறது. அப்போது நீங்கள் காத்திருக்கிற மூன்று விநாடி யோசிக்கிற நேரம் ஆகாது, வேடிக்கை பார்க்கிற நேரம் ஆகிவிடும். நம்ம பிள்ளைகளுக்கு "நிற்க வைத்தல்" என்பது சும்மா ஒரு பழக்கம் அல்ல. பண்ணையார் முன்னால் நின்ற உடம்பு அது. ஆகவே என் வகுப்பில் உட்கார்ந்தபடிதான் பதில் சொல்லலாம். கரும்பலகைக்கு வருபவர் மட்டும் எழுந்தால் போதும்.

மௌனத்திலும் இரண்டு வகை இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யோசிக்கிற பிள்ளையின் விரல் பெஞ்சில் எதையோ எழுதும், உதடு அசையும், கண் கூரையையோ கரும்பலகையையோ பார்க்கும். பயந்த பிள்ளையின் தோள் சுருங்கும், கண் தரையில் இருக்கும், அல்லது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும். முதல் மௌனத்துக்கு இன்னும் நேரம் கொடுக்கலாம். இரண்டாவது மௌனத்தில் நேரத்தை நீட்டினால் அது சித்திரவதை. அங்கே மாற்ற வேண்டியது நேரத்தை அல்ல, வழியை. கேள்வியைச் சின்னதாக்கலாம். "விடை வேணாம், கூலி ஏறியிருக்குமா எறங்கியிருக்குமா, அது மட்டும் சொல்லு" என்று கேட்கலாம். பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் சொல்ல விடலாம். இரண்டு பேர் பேசி முடிவு செய்ததைச் சொல்லும்போது "நாங்க யோசிச்சது" என்று சொல்லலாம், தப்பானால் தனியாக மாட்ட வேண்டியதில்லை. அல்லது "அப்புறம் உன்கிட்ட வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கட்டாயம் திரும்பி வர வேண்டும். திரும்பி வராவிட்டால் அது "நில்லு, அடுத்தவன்" என்பதன் நாகரிகமான வடிவம்தான்.

காத்திருப்பால் தீராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப் பையன்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். 2000களின் தொடக்கத்தில் நடந்தது. காகிதத்தில் வரைந்த சிக்கலான பாதைப் புதிர்களுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைப் பற்றிப் பேச்செடுக்காதபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் உயர்சாதிப் பையன்களுக்குச் சமமாகச் செய்தார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் அறிவித்த பிறகு தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மூளை அதே மூளை, புதிரும் அதே மாதிரிப் புதிர். மாறியது அறிவிப்பு ஒன்றுதான்.

இதை நம்ம பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பாருங்கள். பாடம் நடுவே ஒருவர் வந்து, "ஸ்காலர்ஷிப் ஃபாரம், எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்வதைக் கேட்டு வளராதவர்கள் இங்கே எத்தனை பேர்? அந்த அறிவிப்பு முடிந்து ஐந்து நிமிஷத்தில் நான் கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி இல்லை, முப்பது விநாடி காத்திருந்தாலும் அந்த மௌனத்துக்குள் அந்த அறிவிப்புதான் ஓடிக்கொண்டிருக்கும். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்களைச் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் பரிந்துரைகளாக இருக்கின்றன. உட்காரும் இடம் மாறுவது என்னுடைய விஷயத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வாத்தியாரின் கண் முன்னால் இருக்கிற இரண்டு பெஞ்சில்தான் போய் உட்காரும். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் விநாடி போகும்.

மாணவ நண்பர்கள் ஒரு நியாயமான எதிர்ப்பை எழுப்புவார்கள். "சார், கம்பெனி இன்டர்வியூவுல மூணு விநாடி எல்லாம் குடுக்க மாட்டாங்க. போட்டித் தேர்வுல ஒரு கணக்குக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல. நீங்க பிள்ளைங்கள மெதுவாக்கிடப் போறீங்க." இதற்கு என் பதில் இதுதான். வேகம் தேவைப்படுகிற இடத்தில் வேகத்தைப் பழக்கத்தான் வேண்டும். வாய்ப்பாடு, வர்க்க எண்கள், பின்னத்தைச் சதவீதமாக்குவது இவற்றுக்கு நான் காத்திருப்பதில்லை. படபடவென்று கேட்பேன், எல்லாரும் சிலேட்டிலோ காகிதத்திலோ எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். ஆனால் எதை வேகமாகச் செய்வது என்று தெரிய, முதலில் அதை ஒருமுறை நிதானமாகப் புரிந்திருக்க வேண்டும். "வேற பத்து" என்று ஒருமுறை கண்டுபிடித்த பிள்ளை, தேர்வில் அந்தக் கணக்கு வரும்போது வேகமாகப் போடும். கண்டுபிடிக்காத பிள்ளை வேகமாகத் தப்புப் போடும். இன்டர்வியூவில் நம்ம பிள்ளை திக்குவது வேகம் இல்லாததாலா, அல்லது பன்னிரண்டு வருஷம் வகுப்பில் முழுசாக ஒரு வாக்கியம் பேசி முடிக்க விடாததாலா என்பதையும் யோசியுங்கள்.

பாடத்திட்டம் முடியாது என்பது ஆசிரிய நண்பர்களின் எதிர்ப்பு. ஒரு பாடவேளையில் இப்படிக் காத்திருக்க வேண்டிய கேள்வி நான்கைந்துதான் இருக்கும். கேள்விக்குப் பின் மூன்று விநாடி, பதில்களுக்குப் பின் மூன்று விநாடி என்று கூட்டினால் மொத்தமே ஒன்றிரண்டு நிமிஷம். அசல் செலவு நேரத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல கேள்வியை முந்தின நாளே எழுதி வைக்க வேண்டும். பலகை முன்னால் நின்றபடி யோசித்துக் கேட்கிற கேள்வி பெரும்பாலும் "சூரி...?" வகையாகத்தான் வரும். நான் பாடக்குறிப்பில் நான்கு கேள்வி எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, பிள்ளைகள் சொல்லக்கூடிய தப்பு விடை என்ன, அதற்குப் பின்னால் என்ன காரணம் இருக்கும் என்று எழுதிக்கொள்கிறேன்.

மாலைப் பாடசாலை நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க செல்போனில் குரல் பதிவு இருக்கிறது. பாடத்தில் பத்து நிமிஷத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள். ராத்திரி அதைக் கேட்டு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், கேள்வி யாரிடம் போனது. இரண்டாவதில், கேள்வி முடிந்ததிலிருந்து அடுத்த குரல் வரும்வரை எத்தனை விநாடி. மூன்றாவதில், பிள்ளை பேசி முடித்ததும் நீங்கள் சொன்ன முதல் சொல் என்ன. பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். பொண்ணுங்களுக்கும் பையன்களுக்கும், முன் பெஞ்சுக்கும் பின் பெஞ்சுக்கும், ஊருக்கும் காலனிக்கும், தமிழ் பேசுற பிள்ளைக்கும் ஒடியா பேசுற பிள்ளைக்கும் இரண்டாவது பத்தியில் இருக்கிற எண் ஒன்றா? பத்து நிமிஷத்தில் ஒரு முறைகூடப் பெயர் வராத பிள்ளை யார்?

நம்ம பாடசாலையில் எல்லாருமே காலனிப் பிள்ளைகள்தானே, இங்கே ஏது பாகுபாடு என்று நினைக்காதீர்கள். எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் பக்கத்தில் எண் சின்னதாக இருக்கும். கொத்தடிமையாக இருந்து மீண்டு வந்த குடும்பத்து இருளர் பிள்ளையின் பெயர் தாளில் இல்லாமலே போகும். சாதி ஒழிப்பு பேசுகிற இயக்கத்துக்குள்ளும் யார் பேச்சுக்கு நாம் காத்திருக்கிறோம், யார் பேச்சை நாமே முடித்துவைக்கிறோம் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

அடுத்த வாரம் அதே பத்து நிமிஷத்தை மறுபடியும் பதிவு செய்யுங்கள். எண் மாறியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பதிலின் நீளத்தைப் பாருங்கள். ஒற்றைச் சொல்லாக வந்த பதில் வாக்கியமாக வருகிறதா? "ஏன்னா" என்ற சொல் எத்தனை முறை வருகிறது? பிள்ளைகள் உங்களைக் கேள்வி கேட்கிறார்களா? "ஏன்னா" வரவில்லை என்றால் காத்திருப்பு சடங்காகிவிட்டது, கேள்வியை மாற்ற வேண்டும்.

நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இப்போ நீங்க கேக்கலாம். இந்த அறையிலும் அதே விதிதான், கை தூக்க வேணாம். கொஞ்ச நேரம் எல்லாரும் யோசிங்க. பின்னாடி சுவரோரமா நிக்கிற தங்கச்சிங்க முதல்ல பேசட்டும்.